சுனில்குமார் சாரின் பத்தியும் என் மூன்று பத்தியும்

எங்கள் டீம் லீடர் சுனில்குமார் சார் திங்கள்கிழமைதோறும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பத்தி எழுதுவார். முற்றுப்புள்ளி என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்தப் பத்திக்குள் எந்த வேலை முடிந்தது, எது கிடக்கிறது, யார் பொறுப்பு என்று எழுதியவருக்கே தெரியாது. யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் அப்படி எழுதினார் என்பது எனக்கு லேட்டாகத்தான் புரிந்தது.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே துணிக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். பூவாரில் படகுச் சவாரி நடத்தும் ஸ்ரீகலா மேடத்துக்கு முன்பதிவு வெப்சைட் செய்துகொண்டிருந்தோம். போன மாசம் அவருக்குக் காட்டியபோது படகு நேரப் பக்கம் வெறுமையாக இருந்தது. "லிஷா ஏத்தல்ல" என்று என்னைக் கைகாட்டினார் சுனில் சார், கூசாமல். ஏற்றுவதற்கு அட்டவணையை அவர்தான் மேடத்திடம் வாங்கித் தர வேண்டும். மேடத்திடம் வேறு யாரும் பேசக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். முதலாளி குற்றாலிங்கம் சார் அதை நம்பி, என் வேலை நிரந்தரமாவதை மூன்று மாசம் தள்ளிப்போட்டார். அன்று வீட்டுக்குப் போக ஏறிய செங்கல் ஊர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பிறகு அழுகை போய் ஆத்திரம் மட்டும் மிஞ்சியது.

இந்த வாரம் மேடம் நேரில் வருகிறார் என்றதும், பத்தியை யாராலும் வாசிக்க முடியவில்லை என்று குற்றாலிங்கம் சார், வேலைகளைக் கம்ப்யூட்டரில் கார்டு கார்டாக அடுக்கிக் காட்டும் கான்பன் போர்டு கேட்டார். சுனில் சார் அதை என் தலையில் கட்டினார்.

"மக்கா, இத போர்டுல போட்டு வை. வெறும் காப்பி பேஸ்ட் வேலையாக்கும்."

ஆகட்டும் சார் என்றேன்.

பத்தியை வேலை வேலையாக அறுத்தேன். ஒரு கார்டுக்கு ஒரு வேலை, ஒரு பெயர். செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என்று நெடுக்கில் மூன்று பத்தி. 'ஏறக்குறைய முடிந்த' பணம் கட்டும் பக்கம் நடப்பதில் விழுந்தது. 'பார்க்க வேண்டிய' படங்கள் செய்ய வேண்டியதில். 'முடிந்தது' என்றால் பார்த்துச் சரிபார்க்க ஏதாவது இணைத்திருக்க வேண்டும் என்று போர்டின் மேலே எழுதி வைத்தேன். கார்டு கார்டாக அவரிடம் கேட்டேன்.

"இது யாருக்க பேருல போடணும் சார்?"

"எனக்க பேருல போடு."

"அட்டவணை வாங்குனது?"

"அதும் எனக்கதான். பின்னே ஆருக்க?"

பெயர் வாங்குவதில் அவ்வளவு ஆசை. பதினோரு கார்டில் ஏழு அவருடையது.

'படகு அட்டவணை வாங்கியாச்சு' என்று பத்தியில் இருந்தது. மேடத்துக்குப் போகும் எல்லா மெயிலும் ஆபீஸ் பொதுப்பெட்டிக்கும் வரும். தேடிப் பார்த்தேன். இவர் கேட்டு ஒரு மெயில்கூட அனுப்பியதில்லை. அந்தக் கார்டை நடப்பதில் வைத்து, 'அட்டவணைக் கோப்பை இணைக்கவும்' என்று குறிப்பு எழுதினேன்.

மேடம் வரும் வியாழக்கிழமை காலை பார்த்தேன். கோப்பு இல்லை. கார்டை மட்டும் அவரே முடிந்ததுக்கு இழுத்துவிட்டிருந்தார். போய்ச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். நான் சொல்லவில்லை. டீ குடித்தேன்.

மேடம் வந்து எல்லோரும் கூடியதும் பெரிய டிவியில் போர்டைப் போட்டேன். மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டு முடிந்தது பத்தியை வாசித்தார்.

"படகு அட்டவணையா? ஞான் ஒந்நும் தந்நில்லல்லோ. ஆரும் சோதிச்சுமில்ல."

தரவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

"லிஷா தெரியாம மாத்திருப்பா" என்றார் சுனில் சார். அப்போதும் என் பெயர்தான் அவர் வாயில் வந்தது.

நான் கார்டைத் திறந்தேன். யார் எப்போது நகர்த்தினார் என்பது அடியில் தானாகவே பதிவாகியிருக்கும். 'சுனில்குமார், நடப்பது என்பதிலிருந்து முடிந்தது, இன்று காலை 9.12.' அதற்கு மேலே என் குறிப்பு, திங்கள்கிழமையிலிருந்து பதிலில்லாமல்.

குற்றாலிங்கம் சார் அதை இரண்டு முறை வாசித்தார். "அப்போ போன மாசமும் இவ கையில ஒண்ணும் குடுக்கல்ல. அப்படித்தானே?"

குற்றாலிங்கம் சார் என் பக்கம் திரும்பினார்.

"லிஷா, அத எங்க இருக்கணுமோ அங்க வை. பொறவு எனக்க ரூமுக்கு வா, உனக்க பெர்மனன்ட் லெட்டர்ல ஒப்பு போட்டுத் தாறேன்."

கார்டைப் பிடித்து, முடிந்ததிலிருந்து நடப்பதைத் தாண்டி, செய்ய வேண்டியதுக்கு மெல்ல இழுத்தேன். சட்டென்று விட்டிருக்கலாம். எல்லோரும் பார்க்கட்டும் என்று மெல்ல இழுத்தேன்.

வெளியே படியில் சுனில் சார் மறித்தார். "நேத்தே எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் மக்கா."

"குறிப்பு எழுதி வச்சேனே சார். நீங்க வாசிக்கல்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். இல்லை, நன்றாகத்தான் இருந்தது.