பலகையில் இல்லாத ரொட்டி

என் மகளுக்கு உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை. சாப்பாட்டில் எவ்வளவு மாவுச்சத்து என்று முன்கூட்டியே கணித்து ஊசி போட வேண்டும். அவளுக்குப் பத்து கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் இன்சுலின். இதுவரை கணக்கு என்னுடையது. தராசில் வைக்காமல் ஒரு பிரெட் துண்டைக்கூட அவள் வாய்க்கு விட்டதில்லை.

அன்று கஃபேயில் கணக்கு அவளுடையது. சரியாக வந்தால் வகுப்போடு முகாமுக்குப் போகலாம் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்றும் சொல்லியிருந்தேன். என்னால் முடிகிற காரியமா அது!

விலைப்பலகையில் அவள் கேட்ட சாண்ட்விச்சுக்கு எழுதியிருந்தது இவ்வளவுதான்: வாட்டிய கோழி, சீஸ், வெங்காயம், இனிப்பு சாஸ். கோழியிலும் சீஸிலும் மாவுச்சத்து அநேகமாகக் கிடையாது. வெளியே வழக்கம்போல் இரண்டு துண்டு பிரெட் இருக்கும், அதில் முப்பது கிராம் மாவுச்சத்து. மூன்று யூனிட் என்று மனதுக்குள் முடித்துவிட்டு, ஊசிப் பேனாவுக்காகப் பைக்குள் கையை விட்டேன்.

அவளோ கல்லாவில் நின்ற பெண்ணிடம் கேட்டாள்.

"அக்கா, இதை எதுல வச்சுத் தருவீங்க?"

"நீள ரோல்மா."

"காலி ரோல் ஒண்ணு கையில பிடிச்சுப் பாக்கலாமா?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். இவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை தூக்கிப் பார்த்தாள். மெல்ல அழுத்தினாள், உள்ளே நல்ல திண்ணம்.

"நம்ம வீட்டு ரெண்டு துண்டை மாதிரி ரெண்டு மடங்கு இருக்கும்மா. நூத்தி இருபது கிராம் வரும். ரொட்டியில பாதி மாவுச்சத்துன்னா அறுபது. சாஸுக்கு அஞ்சு. ஆறரை யூனிட்."

"ஏய், ஆறரையா?" வாக்கு காற்றில் போயிற்று. மருந்து கூடிப்போனால் சர்க்கரை சரேலென்று இறங்கி மயக்கம் வரும்.

கல்லாப் பெண் காபித்தூள் நிறுக்கும் தராசை முன்னால் தள்ளினாள். ரோலை வைத்தோம். நூற்றுப் பதினெட்டு.

எனக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை நாள் தராசைப் பார்த்தது நான். அந்தத் துண்டுகளைக் கையில் வாங்கித் தின்றது அவள். அந்தக் கை ஒவ்வொரு கனத்தையும் வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் பெற்ற கைதானா இது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆறரை போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து முழு ரோலையும் சாப்பிட்டாள். இரண்டு மணி நேரம் பூங்கா பெஞ்சில் நான் நகம் கடித்தேன், அவள் கதைப் புத்தகம் படித்தாள். பிறகு விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை நூற்று ஐம்பத்தாறு. பாராட்டும்படியான எண்.

"நீயா இருந்தா எவ்வளவு போட்டிருப்பம்மா?"

"மூணு."

"முந்நூறைத் தாண்டியிருக்குமேம்மா! உள்ள இருக்கறதைத்தானே எழுதியிருந்தாங்க, வெளிய இருக்கறதை யாரு கேக்கறது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதட்டினேன்:

"போதும்டி, வா. முகாமுக்கு ஸ்வெட்டர் வாங்கணும்."