நாலு ப்ளை

நல்லக்கண்ணுவுக்கு அந்த போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. கையகலப் படம். அதில் டயரின் பக்கவாட்டுச் சுவரைத் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை. எழுத்து தெரிய வேண்டுமென்று சர்வேயர் அதன்மேல் சாக்பீஸைத் தேய்த்திருந்தார். அது கண்ணில் குத்துகிற மாதிரி தெரிந்தது. மேலே கஜராஜ் என்று கம்பெனிப் பெயர், கீழே 5.90-15, அதற்குப் பக்கத்தில் 4 PR.

அந்த நாலுதான் அவர் சோற்றில் மண்ணைப் போட்டது.

தென்காசி ஸ்டாண்டில் அவருடைய அம்பாசடர் ஓடாத சீசன் கிடையாது. இந்த ஆனியில் குற்றாலத்துக்கு ஆறு பேரையும் கேரியர் நிறைய மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போனபோது, பின்பக்க இடது டயர் படாரென்று வெடித்து வண்டி புளியமரத்தில் மோதியது. ஏறி வந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. நல்லக்கண்ணுவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுக்கை. வண்டி குத்துக்கல்வலசையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மூஞ்சி நசுங்கிக் கிடந்தது. இன்சூரன்ஸ் பணம் வந்தால் வண்டி எழுந்திருக்கும். வராவிட்டால் விற்றுவிட்டு யார் வண்டியிலாவது கூலிக்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டியதுதான். மலையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது, ஊரெல்லாம் டாக்ஸிக்கு அலைந்தது, அவர் கையில் கட்டோடு வீட்டில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இன்சூரன்ஸ் ஆபீஸ் கைவிரித்துவிட்டது. சர்வேயர் கல்யாணராமன் பொறுமைசாலி, திருநெல்வேலியிலிருந்து வருகிறவர். படத்தை மேஜைமேல் வைத்து விளக்கினார். 5.90 என்பது டயரின் அகலம், 15 என்பது ரிம்மின் குறுக்களவு, இரண்டும் அங்குலத்தில். இந்த அளவு அம்பாசடருக்குச் சரிதான். கோளாறு அதில் இல்லை. PR என்பது ப்ளை ரேட்டிங், டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான கணக்கு. நாலு ப்ளையைவிட ஆறு ப்ளையில் அதிகக் காற்று அடைக்கலாம், அதிகப் பாரமும் ஏற்றலாம். வீட்டு உபயோகத்துக்கு ரெண்டு பேரோடு ஓட்டுகிற காருக்கு நாலு ப்ளை தாராளம். டாக்ஸியில் அத்தனை பேரும் அத்தனை மூட்டையும் ஏறினால் பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஐந்நூறு கிலோவுக்குக் கிட்டே உட்காரும். நாலு ப்ளை அதைத் தாங்காது. தகுதியில்லாத டயரைப் போட்டு ஓட்டியது வண்டிக்காரர் குற்றம் என்றார்.

கணக்கு சரிதான் என்பது நல்லக்கண்ணுவுக்கும் தெரியும். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. நாலு சக்கரத்துக்கும் ஆறு ப்ளை கஜராஜ் கேட்டு வாங்கியவர் அவர். மற்ற மூன்று டயரிலும் 6 PR என்றே இருந்தது. அப்படியானால் நாலாவதை யாரோ மாற்றித் தள்ளிவிட்டிருக்க வேண்டும். யாரோ என்ன யாரோ. விற்றவன் வல்லிநாயகம்.

வல்லிநாயகம் பஜாரில் டயர் கடை வைத்திருந்தான். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கிற பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து டீ குடிக்காமல் நல்லக்கண்ணுவின் நாள் தொடங்கியதில்லை. அந்தக் கடை வாசலில் நின்றுதான், போட்டோவை நீட்டிக்கொண்டு, போகிற வருகிறவன் எல்லாம் நின்று கேட்க அவனைத் திருடன் என்றார். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னார். வல்லிநாயகம் கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பார்த்தான். நாலு என்றுதான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டான்.

"ஆனா நான் உனக்கு ஆறுதாம்லே குடுத்தேன்" என்றான். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பேசாததே குற்றத்துக்குச் சாட்சி என்று நல்லக்கண்ணு எடுத்துக்கொண்டார். மனசு அவ்வளவு சூடாக இருந்தது.

மறுபடி ஒருதரம் கல்யாணராமனைப் பார்க்கப் போனார். கடைக்காரன் ஏமாற்றியதற்கு நான் என்ன செய்வேன் என்று கெஞ்சிப் பார்க்கலாமென்று. கல்யாணராமன் பழையபடி படத்தை எடுத்துவைத்துப் பழைய பாட்டையே ஆரம்பித்தார். எழுத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நல்லக்கண்ணு படத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் கொஞ்சம் தரை தெரிந்தது. தரையில் டயர் நின்றுகொண்டிருந்தது.

நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

"ஸார், இந்த டயரா வெடிச்சது?"

ஆமாம், உங்கள் மச்சினர்தானே காட்டினார் என்றார் கல்யாணராமன்.

"வெடிச்ச டயர்ல காத்து எப்படி ஸார் நிக்கும்?"

கல்யாணராமன் பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். மூன்று மாதமாக எல்லாரும் எழுத்தைத்தான் வாசித்திருக்கிறார்கள், டயரை ஒருத்தரும் பார்க்கவில்லை. முகம் சிவந்துபோய், வெடித்த டயர் இருந்தால் கொண்டுவாருங்கள், நானே திருத்தி எழுதுகிறேன் என்றார்.

நல்லக்கண்ணு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து மச்சினன் தளவாயைப் பிடித்தார். விபத்தன்று வண்டியை அப்புறப்படுத்தியது அவன்தான். ரோட்டில் சீசன் கூட்டம், போலீஸ்காரர் விரட்டினார், கிழிந்த டயரோடு வண்டியை இழுக்க முடியாது, அதனால் டிக்கியிலிருந்த ஸ்டெப்னியை மாட்டி இழுத்துக்கொண்டு போனேன் என்றான். சர்வேயர் எந்தச் சக்கரம் என்று கேட்டார், இந்தச் சக்கரம் என்று காட்டினானாம்.

"எந்த டயருன்னு அவரு கேக்கலையே அத்தான்."

ஸ்டெப்னி. சிவகிரியில் ஒரு மிராசுதாரர் காரிலிருந்து சல்லிசாக வந்ததென்று நல்லக்கண்ணுவே வாங்கிப் போட்டது. அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் ஓடுகிறதற்கு நாலு ப்ளை போதாதா என்று அன்றைக்குச் சொன்னதும் அவரேதான். டிக்கியில் போட்டதோடு மறந்தும்விட்டார். யாரை நோவது? அவருக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

வெடித்ததை என்ன செய்தாய் என்று கேட்டார். செருப்புத் தைக்கிறவருக்குக் கொடுத்தேன், அவர் அடிப்பாகத்தை வெட்டிக்கொண்டு ஓரத்து வளையத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அக்காதான் வாங்கி வைத்தாள் என்றான் தளவாய்.

மனைவி மாரித்தாய் அடுக்களை மூலையைக் காட்டினாள். தண்ணி அண்டா ஆடாமல் இருக்க அதன் அடியில் அந்த வளையத்தைப் போட்டிருந்தாள். இத்தனை நாளும் வல்லிநாயகத்தைத் திட்டித் திட்டித் தொண்டை காய்ந்தபோதெல்லாம் அவர் அந்த அண்டாவில்தான் மொண்டு குடித்தார். அண்டாவை நகர்த்தி, வளையத்தை எடுத்துப் பாசியை வழித்தார். கஜராஜ். 5.90-15. 6 PR. அதற்குப் பக்கத்தில் வரிசை நம்பர்.

கல்யாணராமனுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்று சொன்னார். இது உங்கள் வண்டியில் ஓடிய டயர்தான் என்று காட்ட, விற்ற கடைக்காரர் இந்த நம்பரைப் போட்டு ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நல்லக்கண்ணு வளையத்தை நல்ல தோளில் மாட்டிக்கொண்டு பஜாரில் நடந்தார். திருடன் என்று கத்திய அதே படியில் நின்று, வளையத்தைக் கல்லாமேல் வைத்தார்.

வல்லிநாயகம் சாக்பீஸ் எடுத்து எழுத்தின்மேல் தேய்த்தான். வாசித்தான். பழைய பில் கட்டில் நம்பரைச் சரிபார்த்துச் சீட்டு எழுதினான், கையெழுத்துப் போட்டான், முத்திரையும் குத்தினான். முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டு நாலு வார்த்தை வைதிருந்தால் நல்லக்கண்ணு காலில் விழுந்திருப்பார்.

"லே வல்லி" என்றார் அவர். "தப்பு எம்மேலதாம்லே."

சீட்டை மடித்து நீட்டினான் வல்லிநாயகம். நல்லக்கண்ணு வழக்கம்போல டயர் அடுக்கின் பக்கம் திரும்பினார். அவன் எழுந்து, வாடிக்கையாளர்களுக்கென்று போட்டிருந்த நாற்காலியைத் துடைத்து முன்னால் இழுத்துப்போட்டான்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றான். "வேற ஏதும் வேணுமா?"