அப்பாவும் இதே அறுபது நாள் கேட்டார்

அப்பா செத்த பிறகும் பூட்டிய கடைக்குள் அவர் இருமல் கேட்கிறது. சரக்குக் கடனைக் கட்டும் முப்பது நாள் கெடுவை அறுபதாக்கித் தரும்படி மொத்த வியாபாரிக்குக் கடிதம் எழுதினேன். தராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

"அப்பா பேருல கையெழுத்துப் போடுடி. உன்னை நம்பி எவன் தருவான்?" என்றாள் அம்மா.

"செத்தவர் எப்படிம்மா கடன் கட்டுவாரு?" என் பெயரையே போட்டேன்.

வியாபாரி போனில் கூப்பிட்டார். "பழைய பாக்கிக்கு அறுபது நாள் தரேன். புதுச் சரக்குக்கு ரொக்கம்தான்மா. உங்கப்பா இருந்தா யோசிக்கவே மாட்டேன்."

"இருந்தப்பவும் கேட்டாரு சார். அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். நீங்க பதிலே போடலை."

பக்கத்தில் யாரோ வந்து நின்றதுபோல வியாபாரியின் குரல் தாழ்ந்தது.

"புதுசுக்கும் அறுபதுன்னே வெச்சுக்கோம்மா."