கேட்டுட்டுதான் அழிக்கும்

வாசுகிக்கு யார்மேலும் பொறாமை கிடையாது. அப்படித்தான் அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். கூலாய்க்குப் பக்கத்தில், சிங்கப்பூர்க்காரர்களுக்குச் சொந்தமான அந்தப் பிளாஸ்டிக் தொழிற்சாலையின் ஆள்வள அலுவலகத்தில் பதினான்கு வருடமாகக் குமாஸ்தா. இரண்டாயிரம் பேருடைய அடையாள அட்டை எண்ணில் பாதியை மனப்பாடமாகச் சொல்லுவாள். ஆனால் போன மாதம் நாசர், அவர்தான் அலுவலக மேலாளர், வெள்ளரிக்காய் நறுக்குகிற மாதிரி அலட்டாமல் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

"அடுத்த வருஷம் சீனியர் போஸ்ட் ஒன்னு வருது வாசுகி. ஷர்மினி பேரத்தான் யோசிக்கிறேன். டிப்ளோமா இருக்கு பாருங்க."

ஷர்மினி வந்து நான்கு மாதம். இருபத்து நான்கு வயது. வாசுகியை 'அக்கா' என்று வாய் நிறையக் கூப்பிடுவாள், காலையில் பாலில்லாத கோப்பி ஓ பொட்டலம் வாங்கிவந்து மேசையில் வைப்பாள். கெட்ட பெண் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. அதுதான் வாசுகிக்கு எரிச்சல். கெட்டவளாக இருந்தால் வெறுப்பது இவ்வளவு சிரமமாக இருந்திருக்காது.

அவளுக்கு எக்செல் சொல்லிக் கொடுத்ததே வாசுகிதான். வந்த முதல் வாரம், ஊழியர் எண்ணும் வேலைப் பகுதியும் ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு ஒட்டியிருந்த ஒரு பட்டியலைப் பிரிக்கச் சொன்னார்கள். ஷர்மினி அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, டெக்ஸ்ட் டு காலம்ஸைத் திறந்து, டெலிமிட்டட் என்று சொல்லி, காற்புள்ளியைத் தட்டி முடித்தாள். காற்புள்ளிக்கு முன்னால் இருந்தது அங்கேயே நின்றது, பின்னால் இருந்தது வலப்பக்கப் பத்திக்குப் போயிற்று. வலப்பக்கப் பத்தியில் கைப்பேசி எண்கள் இருந்தன. 'இங்கே ஏற்கெனவே தகவல் இருக்கிறது, மாற்றி எழுதட்டுமா?' என்று ஒரு பெட்டி கேட்டது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள், படிக்காமல் ஓகே அடித்தாள். அத்தனை எண்ணும் போயிற்று.

அன்று வாசுகிதான் கண்ட்ரோல் இசட் அடித்து மீட்டுக் கொடுத்தாள்.

"பிரிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல காலிப் பத்தி செருகிடு. எத்தனை துண்டாகுமோ அதுல ஒன்னு கொறச்சு. இல்லன்னா கடைசிப் பெட்டியில டெஸ்டினேஷன்னு இருக்கும், அங்க காலியா கெடக்குற எடத்தக் குடு."

"மறந்துட்டா கா?"

"மறந்தாலும் பயமில்ல லா. அதான் கேக்குதே. எக்செல் உன் மாமியார் மாதிரி இல்ல, கேட்டுட்டுதான் அழிக்கும்."

ஷர்மினி சிரித்தாள். 'கேட்டுட்டுதான் அழிக்கும்' என்று ஒரு மஞ்சள் தாளில் எழுதித் திரையோரத்தில் ஒட்டியும் வைத்தாள். அன்றைக்கு வாசுகி நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் சொன்னது பாதிதான். மறுபாதி அவளுக்கு மட்டும் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவளே பட்டுத் தெரிந்துகொண்டது அது. ஒருமுறை டெக்ஸ்ட் டு காலம்ஸில் எதைக் கொண்டு வெட்டினோமோ, அதை எக்செல் மனத்தில் வைத்துக்கொள்ளும். எக்செலை மூடாதவரை, அதன்பிறகு வெளியிலிருந்து எந்த எழுத்தைக் கொண்டுவந்து ஒட்டினாலும் அதே வெட்டு விழும். துண்டுகள் வலப்பக்கத்துக் கட்டங்களில் போய் உட்காரும். ஒட்டுவது ஒட்டுவதுதான். அங்கே என்ன இருந்தாலும் ஏறி உட்காரும், ஒரு வார்த்தை கேட்காது. வாசுகி அன்று ஒரு மத்தியானம் முழுக்கத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். யாரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை. பிறகு அவளும் யாருக்கும் சொல்லவில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கிற வாரம் வந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் நூற்று எண்பத்தாறு பேர் பட்டியல். முதல் பத்தியில் எண், அடுத்து பெயர், அடுத்து பகுதி, அடுத்து மேற்பார்வையாளர் போட்ட கிரேட். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சிங்கப்பூர்த் தலைமையகம் அதைத் திறக்கும். ஏ, பி கிரேட் உள்ள வரிகளை வடிகட்டி எடுக்கும். எடுத்தவர்களுக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை, மற்றவர்களுக்கு மாதக் கடைசியில் கடிதம். பட்டியல் பொறுப்பை நாசர் ஷர்மினியிடம் கொடுத்தார். இதை ஒழுங்காக முடித்தால் சீனியர் அவள்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை கருப்பாயி அலுவலகச் சன்னலுக்கு வந்தாள். பேக்கிங் பகுதியில் பதினேழு வருடம், காஹாங் தோட்டத்திலிருந்து வந்தவள், கணவன் இல்லை.

"ஏம்மா வாசுகி, இந்த தடவையாச்சும் என் பேரச் சரியா அடிக்கச் சொல்லும்மா. கார்டுல கெரோப்பாய்னு இருக்கு. சின்னப் பசங்கல்லாம் கெரோப்போக், கெரோப்போக்னு கூப்புடுறானுங்க. பொரிச்சுத் திங்கிற அப்பளம் மாதிரி இருக்கு."

"மூர்த்திகிட்ட சொல்லுங்க கா. அரசாங்க ஐசில இருக்கிற மாதிரி எழுதி அனுப்பச் சொல்லுங்க, ஷர்மினி மாத்திடுவா."

பேக்கிங் மேற்பார்வையாளர் மூர்த்தி நல்ல மனிதர், ஆனால் எதையும் கடைசி நேரத்தில்தான் செய்வார். கருப்பாயியோடு சேர்த்துப் பெயர் தப்பாக இருந்த பதினொரு பெண்களுடைய சரியான பெயர்களையும் வெள்ளிக்கிழமை காலை அனுப்புவதாகச் சொன்னார். பட்டியலில் அடுத்தடுத்து இருக்கிற அதே வரிசையில், வாட்ஸ்அப்பில், வரிக்கு ஒரு பெயராக. அதைக் கேட்ட கணத்தில் வாசுகிக்கு எட்டு வருடத்துக்கு முந்தைய அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஷர்மினி கழிவறைக்குப் போனாள். பட்டியல் அவள் திரையில் திறந்தே இருந்தது. வாசுகி எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு வெற்று எக்செல் கோப்பைத் திறந்து, ஒரு கட்டத்தில் இரண்டு சொல் அடித்தாள். டெக்ஸ்ட் டு காலம்ஸ், டெலிமிட்டட், ஸ்பேஸ், ஃபினிஷ். சொல் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துக்குப் போயின. அந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூடினாள். பட்டியல் திறந்தபடியே இருந்ததால் எக்செல் மூடவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு மூர்த்தியின் செய்தி வந்தது. நாசர் சோங்கோக் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஷர்மினி, அனுப்பியாச்சா? நான் ஜும்ஆவுக்குப் போகணும்."

"ரெண்டு நிமிஷம் பாஸ்."

கணினியிலேயே வாட்ஸ்அப்பைத் திறந்து பதினொரு பெயரையும் நகலெடுத்தாள். பெயர்ப் பத்தியில் முதல் தப்புப் பெயரின்மேல் வைத்து ஒட்டினாள். பதினொரு வரியும் கீழ்நோக்கி அழகாக இறங்கின. 'கருப்பாயி' ஒரு கட்டம், 'மகள்' என்று குறிக்கும் 'ஏ/பி' அடுத்த கட்டம், 'முனியாண்டி' அதற்கும் அடுத்த கட்டம். பகுதி இருந்த இடத்தில் ஏ/பி, கிரேட் இருந்த இடத்தில் அப்பன் பெயர். எந்தப் பெட்டியும் எதையும் கேட்கவில்லை.

ஷர்மினி பார்க்கத்தான் பார்த்தாள். நீளமான பெயர் கட்டத்தைத் தாண்டி வழிந்து நிற்பதாக நினைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தால்தான் அப்படி வழியும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கருப்பாயி ஏ/பி முனியாண்டி. படித்தால் சரியாகத்தானே இருக்கிறது. தவறென்றால் கேட்டிருக்குமே. மஞ்சள் தாளை ஒருமுறை பார்த்தாள். சேமித்தாள், அனுப்பினாள், எக்செலை மூடினாள். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

வாசுகி இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. 'ஏய், ஒருதடவை திறந்து பாரு' என்று சொன்னால் போதும். பழைய கோப்பு நேற்றைய மின்னஞ்சலில் கிடக்கிறது. பதினொரு பெண்களின் முகமும் அவளுக்குத் தெரியும். எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதுவரை தெரியும். தலைமையகம் கோப்பைத் திருப்பி அனுப்பும், ஷர்மினிக்கு ஏச்சு விழும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்றும் தெரிந்திருந்தது. வடிகட்டுகிறவன் வரி வரியாகப் படிக்கமாட்டான்.

மணி பன்னிரண்டானதும் தன் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கேண்டீனுக்குப் போனாள். நன்றாகவே சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. புதுப்பித்தவர்கள் பட்டியலில் பேக்கிங் பெண்கள் பதினொரு பேர் இல்லை. நாசர் கோப்பைத் திறந்து பார்த்தார், முகம் கறுத்தது. உடனே சிங்கப்பூருக்கு போன் போட்டார். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் பதினொரு இடத்துக்கும் ஏஜெண்டிடம் ஆள் சொல்லியாயிற்று, எப்படியும் ஆளைக் குறைக்க வேண்டியிருந்தது, அடுத்த முறை கவனமாக அனுப்புங்கள் என்றார்.

நாசர் ஷர்மினியைக் கூப்பிட்டார். வாசுகியையும் உட்காரச் சொன்னார்.

"பேரப் பிரிச்சிருக்க. கேட்டிருக்கும், நீ பாட்டுக்கு ஓகே அடிச்சிருப்ப."

"நான் பிரிக்கவே இல்ல பாஸ். சும்மா பேஸ்ட் பண்ணேன். அதுவா பிரிஞ்சிருக்கு. எதுவுமே கேக்கல."

"அதுவா பிரியுமா? வா, செஞ்சு காட்டு."

அதே கணினி, அதே வாட்ஸ்அப் செய்தி, அதே பதினொரு பெயர். ஷர்மினி ஒட்டினாள். பெயர்கள் கட்டத்துக்கு ஒன்றாக, முழுசாக, சமர்த்தாக உட்கார்ந்தன. நடுவில் நான்கு இரவு கணினியை அணைத்துப் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மனத்தில் வைத்திருந்ததை எக்செல் அன்றைக்கே மறந்துவிட்டது. அவள் மறுபடி ஒட்டினாள். மறுபடியும். நாசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஷர்மினி திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்க கா. பேஸ்ட் பண்ணா பிரியுமா பிரியாதா? உங்களுக்குத் தெரியும்ல."

அந்தக் கண்களில் சந்தேகம் துளிகூட இல்லை. தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள், காப்பாற்றுவாள் என்ற நம்பிக்கைதான் இருந்தது. வாசுகி ஒரு கணம் திரையோரத்து மஞ்சள் தாளைப் பார்த்தாள். அந்த ஒரு கணம்தான்.

"எனக்குத் தெரிஞ்சு பிரியாது லா. நான்தான் சொன்னேனே, கேட்டுட்டுதான் அழிக்கும்னு."

ஷர்மினி அழவில்லை. மஞ்சள் தாளை உரித்து, நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தப்பு செய்ததைவிடப் பொய் சொன்னதுதான் நாசருக்குப் பொறுக்கவில்லை. அந்த வாரத்தோடு அவள் வேலை போயிற்று. கிளம்பும்போதும் வாசுகியின் மேசையில் ஒரு கோப்பி ஓ பொட்டலம் வைத்துவிட்டுத்தான் போனாள். சீனியர் பதவிக்கான கடிதம் அடுத்த திங்கட்கிழமை வாசுகிக்கு வந்தது.

மாதக் கடைசியில் பதினொரு பேரும் கார்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். கருப்பாயி கடைசியாக வந்தாள். சீருடையைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கூடவே ஒரு பொட்டலத்தில் நாலைந்து அதிரசம்.

"உனக்குப் பதவி வந்திருக்காமே. சந்தோஷம்மா. அந்தப் புள்ள என்னமோ அழிச்சிட்டாளாம், மூர்த்தி சொன்னாரு. ஒன் கையில இருந்திருந்தா நீ விட்டிருப்பியா?"

வாசுகி கார்டை வாங்கி, அதிலிருந்த பெயரைப் பார்த்து, பட்டியலில் அடையாளம் போட்டாள். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள். கருப்பாயி ஒவ்வொரு எழுத்தாக வரைந்து முடித்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். போகாமல் சன்னலோரத்தில் கொஞ்சம் நின்றாள்.

"ஒன்னே ஒன்னு கேக்கணும். சிங்கப்பூருக்கு அனுப்புனீங்களே, அதுல என் பேரு சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு கா," என்றாள் வாசுகி. "ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

கருப்பாயிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அது போதும்மா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.