முதுகு வலி என்று எழுதிய கடிதம்

ஒனிஹங்கா தகரத் தொழிற்சாலையில் அழுத்து இயந்திரம் இடிக்கும்போதெல்லாம், தூரத்தில் பெட்டி தூக்கும் நோபேட்டுக்கு நெஞ்சு படபடக்கும். வேறு இடம் கேட்டு மனேஜருக்கு எழுதினான். விசர், பைத்தியம் என்பார்களோ என்று பயந்து, முதுகு வலி என்று காரணம் சொன்னான்.

மனேஜர் நல்ல மனுசன். மறுநாளே கதிரை போட்டு இருத்தினார், அந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே.

“டொக்டர் பதற்றமெண்டு எழுதித் தந்ததை அலுமாரிக்குள்ள வச்சிட்டு, முதுகைக் கூட்டிக்கொண்டு போனீங்களே!” என்றாள் மனைவி மேர்சி.

திங்கட்கிழமை டொக்டரின் கடிதத்தோடு, தான் புதிதாக எழுதிய கடிதத்தையும் மனேஜரிடம் கொடுத்தான்: “முதுகில் ஒன்றுமில்லை. எனக்குப் பதற்ற நோய். சத்தம் குறைந்த இடமும், பதறினால் ஐந்து நிமிடம் வெளியே நிற்க அனுமதியும் வேண்டும்.”

மனேஜர் இரண்டு தரம் வாசித்தார். நோபேட் கால் மாற்றி மாற்றி நின்றான்.

“நாளையிலிருந்து பொதி கட்டும் அறை. வெளியே போகும்போது மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுப் போ. இரண்டு கிழமை பார்ப்போம்,” என்றார்.