முனையில் இல்லாத கோடுகள்

மகளுக்கு முதல் கிரிக்கெட் மட்டை. "இங்கிலீஷ் வில்லோ மரம், முதல் கிரேடு. மரத்தோட கோடு எவ்ளோ நேரா ஓடுது பாருங்க," என்றார் கடைக்காரர். மகள் ஒற்றைக் கையால் தூக்கினாள். லேசாக எழும்பியது. நான் அதில் மயங்கிவிட்டேன்.

என் மனைவி யாரையும் லேசில் நம்பமாட்டாள். மட்டையைக் கவிழ்த்து அடிமுனையைப் பார்த்தாள். முன்பக்கத்துக் கோடுகள் அங்கே தொடரவே இல்லை. நகத்தால் சுரண்டினாள். கோடு போட்ட தாள் உரிந்தது.

"சாதாரண பாப்லர் மரம்தான்," என்று கடைக்காரர் அசடு வழிந்தார். "டென்னிஸ் பந்துக்குத் தாங்கும்."

"இவ ஆடப்போறது தோல் பந்துல. பிளந்துடாதா?" என்றாள் மனைவி.

உள்ளிருந்து வேறொன்று வந்தது. "காஷ்மீர் வில்லோ. கொஞ்சம் கனம். ஆனா கத்துக்குற புள்ளைக்கு நல்லா உழைக்கும்."

அதையும் கவிழ்த்தாள். கோடுகள் முனைவரை இறங்கியிருந்தன.

"இது நிஜம்," என்றாள். "அதான் உள்ளே ஒளிச்சு வச்சிருந்தீங்களா?"