மோட்டார்ச் சாவியும் ஒரு விண்ணப்பமும்

முதுவேனில் நெல்லித்தோப்பின் மேல் ஒரு நெடிய தவம் போலக் கவிந்திருந்தது. வேப்பங்கிளைகள் அசைவற்று நின்றன. கடற்காற்றும் பொழுது சாய்ந்த பின்னரே தெருவுக்குள் அடியெடுத்து வைத்தது. விடியலில் ஒரு மணி நேரம் மட்டுமே வரும் குழாய்நீருக்காக வீடுகள் ஐந்தரைக்கே விழித்துக் காத்திருந்தன.

அந்த நீரால் மூண்ட சண்டையைத் தீர்த்துவைத்தவள் அதே தெருவின் பூவிழி. அமைதியும் மோதலும் பற்றிய முதுகலைப் படிப்புக்கு அவள் விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். விண்ணப்பக் கட்டுரையில் அச்சண்டையைத்தான் எழுதியிருந்தாள். பிறர் பூசலை அவர்கள் ஒப்பாமல் ஊருக்குச் சொல்லலாகாது என்பதால், சண்டையிட்ட அண்டைவீட்டுப் பெண்கள் இருவரையும் அமர்த்தி வாசித்துக் காட்டினாள்.

"ரஞ்சிதம் மோட்டார் போட்டு நீரைத் திருடினார்" என்ற வரி வந்ததும் ரஞ்சிதம் எழுந்துவிட்டாள்.

"திருடியா? இதுக்குத்தான் கூப்புட்டியா பூவிழி?"

பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் களுக்கென்று சிரித்தாள். "உள்ளதத்தானடி எழுதிருக்கு."

"அப்டியா? எஞ் சாவியக் குடு. நாளைலேந்து எம் மோட்டார நானே போட்டுக்கறேன்."

செல்வாம்பாளிடம் இருந்த அந்த மோட்டார்ப் பெட்டிச் சாவியே உடன்படிக்கை. ஆறு மணிவரை செல்வாம்பாள் தன் குழாயில் பிடித்துக்கொள்வாள். பிறகு ரஞ்சிதத்தின் மோட்டாரைப் போட்டு அவள் தொட்டியை நிரப்பிவைப்பாள். சாவி கைமாறினால் கட்டுரையே பொய்யாகிவிடும்.

பூவிழி அவ்வரியை அடித்தாள்.

"தப்பு என்னுதுக்கா. பெரிம்மா, அக்கா ஏன் அப்போ மோட்டார் போட்டாங்க? நீங்களே சொல்லுங்க."

செல்வாம்பாளின் சிரிப்பு அடங்கியது. "ஆறு மணிக்கு அவளுக்குச் சேதராப்பட்டு கம்பெனி பஸ்ஸு. அதுக்குள்ள ரொப்பலன்னா, வூட்டுல பொழங்க என்ன பண்ணுவா?"

"அக்கா, பெரிம்மா ஏன் கத்தினாங்க?"

ரஞ்சிதம் தரையைப் பார்த்தாள். "எம் மோட்டார் ஓடுனா அவங்க கொழாய்ல தண்ணி வராது. அவங்களுக்கு முட்டி வலி. தெருமுனைக் கொழாயிலேந்து கொடம் தூக்க முடியாது. எனக்கும் தெரியும்."

பூவிழி அவற்றை அப்படியே எழுதிக்கொண்டு மேலே வாசித்தாள்: "சாவியைக் கொடுக்கும் வழியை நான் வகுத்தேன்."

"இரு இரு," என்றாள் செல்வாம்பாள். "சாவி குடுக்கறேன்னு சொன்னது இவ. ஒன் பேர ஏன் போட்டுக்கற?"

ரஞ்சிதம் வாய்பொத்திச் சிரித்தாள். "இப்ப யாரு திருடி?"

மூவரும் சிரித்தார்கள். பூவிழி திருத்தினாள்: "வழி கண்டவர்கள் அவர்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கும்படி பார்த்துக்கொண்டது மட்டுமே என் வேலை."

"இப்ப எங்க பேரோட அனுப்பு," என்றாள் ரஞ்சிதம். சாவியைத் திருப்பிக் கேட்க மறந்தே போனாள்.

அடுத்த மாதம் நேர்காணலில் ஆசிரியர்கள் "வழி கண்டவர்கள் அவர்கள்" என்ற வரியைப் பற்றியே நெடுநேரம் கேட்டார்கள். ஒரு விடியலில் கைப்பேசியில் முடிவு வந்தது. தேர்வானோர் பட்டியலில் முதற்பெயர் பூவிழி. அவளது கூவலில் தெருவே வெளியே வந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ரஞ்சிதம் ஓடிவந்து அவளைத் தூக்கிச் சுற்றினாள்.

குழாயில் நீர் வந்தது. செல்வாம்பாள் முதல் செம்பை முருகன் படத்தின் முன் வைத்து, விளக்கேற்றி, கண்மூடி நின்றாள். பின்பு அந்த நீரைத் தொட்டுப் பூவிழியின் உச்சியில் தடவினாள்.

"நீ போய் ஒக்கார்ற எடமெல்லாம் குளுந்து கெடக்கட்டும், தாயி."